ஆர்வம் உண்டா என்று கேட்டு வரும் மடலுக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பாலிடெக்னிக்கோ பொறியியலோ படித்துவிட்டு, மில்லிலும் கமுதிப் பக்கத்துச் சோலார் பிளாண்ட்டிலும் மதுரை, சென்னை கம்பெனிகளிலும் இரண்டு மூன்று வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,



கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுக்கும் வேலையில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது அருப்புக்கோட்டையில் குடியிருக்கிறேன். உங்களில் சிலர் செல்போனை நீட்டி, “அண்ணே, இந்த மெயிலுக்கு என்ன பதில் போடுறது?” என்று கேட்கிறீர்கள். எல்லா மெயிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் விவரத்தை ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் பார்த்தோம், இன்ன வேலை, இன்ன ஊர், ஆர்வம் இருந்தால் புதிய ரெஸ்யூமே அனுப்புங்கள் என்று நான்கு வரி. அதற்குப் போகும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: “இன்ட்ரஸ்டட் சார்”, கூடவே ரெஸ்யூமே. சிலர் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணிலிருந்து தொடங்கி ஒரு பக்கம் எழுதுகிறார்கள். இன்னும் சிலர், ஆங்கிலம் தப்பாகிவிடுமோ என்று பயந்து பதிலே போடுவதில்லை.

இந்த மூன்றையும் விட்டுவிட்டு, செல்போன் திரையில் ஒரே பார்வையில் படித்து முடிக்கிற ஒரு பதிலை எப்படி எழுதுவது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் அந்தப் பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துவிடுவோம். உங்களுக்கு எழுதும் ரெக்ரூட்டர் பெரும்பாலும் வேலை தரும் கம்பெனியின் ஆள் இல்லை. கன்சல்டன்சி என்று நாம் சொல்கிற இடைநிலை நிறுவனத்தில் சம்பளத்துக்கு இருக்கும் ஒரு பெண்ணோ பையனோதான். அவர் பிடித்துக் கொடுக்கும் ஆள் வேலையில் சேர்ந்து, குறிப்பிட்ட நாட்கள் தாக்குப்பிடித்தால், கம்பெனி அந்தக் கன்சல்டன்சிக்குக் கட்டணம் கொடுக்கும். நம் நாட்டில் வழக்கமாகப் பேசப்படும் விகிதம் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். அதைக் கொடுப்பது கம்பெனி. உங்களிடமிருந்து ஒரு ரூபாயும் வாங்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

அவர் முன்னால் டிராக்கர் என்று சொல்லப்படும் ஒரு எக்ஸல் தாள் திறந்திருக்கும். பெயர், இப்போதைய கம்பெனி, அனுபவம், நோட்டீஸ் காலம், இப்போதைய சம்பளம், எதிர்பார்க்கும் சம்பளம், ஊர் சம்மதமா, பேச வசதியான நேரம் என்று அதில் கட்டங்கள். ஒரு வேலைக்கு நாற்பது ஐம்பது பேருக்கு மெயில் போட்டிருப்பார். அன்று மாலைக்குள் ஐந்தாறு பேரின் கட்டங்களையாவது நிரப்பி மேலே அனுப்ப வேண்டும். வெறும் “இன்ட்ரஸ்டட்” என்ற பதிலால் ஒரு கட்டமும் நிரம்பாது. ஒரு பக்கக் கடிதத்தில் அவர் கட்டங்களைத் தேட வேண்டியிருக்கும், தேடமாட்டார். ஆகவே சுருக்கம் என்பது மரியாதைக் குறைவு இல்லை. அவருக்குத் தேவையானது கைக்கு உடனே கிடைக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் அவருக்குத் தேவையானதை மட்டும் கொடுத்துவிட்டு நிறுத்தினால் பதில் பாதிதான். உங்களுக்கும் தெரிய வேண்டியவை இருக்கின்றன. இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் தயங்குகிறார்கள். வேலை கொடுக்கிறவரிடம் கேள்வி கேட்டால் திமிர் என்று நினைத்துவிடுவாரோ என்கிற கூச்சம். விருதுநகர் கமிஷன் கடையில் மல்லி மூட்டையை இறக்கும் முன்பு அன்றைய விலையைக் கேட்பதற்கு உங்கள் அப்பா கூச்சப்பட்டதுண்டா? கடைக்காரரும் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. ரெக்ரூட்டரும் அப்படித்தான். அளவான கேள்வி கேட்கிற ஆளை, விஷயம் தெரிந்த ஆள், கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள மாட்டார் என்றுதான் நாங்கள் குறித்துக்கொள்வோம்.

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொண்டு முழுதாகப் பார்ப்போம். கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சோலார் நிலையம் வந்ததிலிருந்து, நம் வட்டாரத்தில் எலக்ட்ரிகல் படித்த பலருக்கு அது சார்ந்த வேலைகள் பழக்கமாகிவிட்டன. அப்படி ஒரு தம்பி, திருச்சுழிப் பக்கத்துக் கிராமம், டிரிபிள் ஈ டிப்ளமோ. ஒரு பிளாண்ட்டில் பராமரிப்பு இன்ஜினியராக மூன்று வருஷம். இன்வெர்ட்டர் பழுது, ஸ்ட்ரிங் சோதனை, ஸ்காடா திரையைப் பார்த்து தினசரி உற்பத்திக் கணக்கு எழுதுவது எல்லாம் தெரியும். மார்ச் 2, திங்கட்கிழமை மதியம் அவருக்கு மெயில் வருகிறது. ராஜஸ்தானில் பிகானேர் பக்கம் சோலார் பிளாண்ட், ஓ அண்ட் எம் இன்ஜினியர் வேலை, ஆண்டுக்கு ஆறு லட்சம் வரை, உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை, ஆர்வமா? கம்பெனியின் பெயர் இல்லை.

பதில் எழுதும் முன் அவர் செய்ய வேண்டிய முதல் காரியம் மெயிலில் இல்லை, வீட்டு பீரோவில் இருக்கிறது. இப்போதைய கம்பெனி கொடுத்த நியமன உத்தரவை எடுத்து, நோட்டீஸ் பற்றிய பத்தியைப் படிக்க வேண்டும். முப்பது நாளா, அறுபதா, தொண்ணூறா? எப்போதிலிருந்து எண்ண வேண்டும்? அந்த நாட்களுக்குப் பதில் பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்று எழுதியிருக்கிறதா, அப்படியானால் அடிப்படைச் சம்பளத்தின் கணக்கிலா, மொத்தச் சம்பளத்தின் கணக்கிலா? நிர்வாகம் ஒப்புக்கொண்டால் மட்டும் என்று ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டிருக்கிறதா? பயிற்சி ஒப்பந்தம் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டதா? நான் பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலோருக்குத் தங்கள் நோட்டீஸ் காலம் வாய்வழியாகத்தான் தெரியும். கூட வேலை பார்ப்பவர் ஒரு மாதம் என்று சொல்லியிருப்பார், உத்தரவில் இரண்டு மாதம் இருக்கும்.

நம் தம்பியின் உத்தரவில் அறுபது நாள் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்குப் போடுங்கள். மெயில் மார்ச் 2-ல் வந்தது. பேச்சு, ஒன்றிரண்டு சுற்றுப் பேட்டி, சம்பளப் பேச்சு முடிந்து எழுத்தில் ஆஃபர் வர எப்படியும் மூன்று நான்கு வாரம் ஆகும். மார்ச் 31-ல் வந்தால் ஏப்ரல் 1-ல் ராஜினாமா கொடுக்கலாம். அன்றிலிருந்து எண்ணினால் அறுபதாவது நாள் மே 30. ஆக ஜூன் 1-ல் சேரலாம். “இரண்டு மாதத்தில் சேருவேன்” என்று அவர் இன்று எழுதினால், ரெக்ரூட்டர் தாளில் மே முதல் வாரம் என்று பதியும். கம்பெனி மே முதல் வாரத்துக்கு ஷிப்ட் பட்டியல் போடும். பிறகு ஏப்ரலில் ஜூன் என்று சொன்னால், பொய் சொன்ன ஆள் என்று பெயர். நோட்டீஸ் காலம் இன்றிலிருந்து ஓடுவதில்லை, ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து ஓடுகிறது. ராஜினாமா ஆஃபர் கையில் வந்த பிறகுதான். இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

“உடனே சேரக்கூடியவர்களுக்கு முன்னுரிமை” என்ற வரியைப் பார்த்து, நானும் உடனே சேருவேன் என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். முறையாக விடுவித்த கடிதம் இல்லாமல் வெளியே வந்தால் அடுத்த கம்பெனி ஆளைச் சேர்க்கும் நாளில் அந்தக் கடிதத்தைக் கேட்கும். பிஎஃப் கணக்கின் யுஏஎன் எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனியில் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பது தெரிந்துவிடும். பழைய கம்பெனி நீங்கள் வெளியேறிய தேதியைப் பதியாமல் விட்டாலோ, இரண்டு கம்பெனியின் தேதிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தாலோ, பின்னணிச் சரிபார்ப்பில் கேள்வி வரும். தவிர, அறுபது நாள் என்று பார்த்ததும் விலக்கிவிடுகிற கம்பெனி, அவசரத்துக்கு ஆள் தேடும் கம்பெனி. யாரோ பாதியில் போயிருக்கலாம். ஏன் போனார் என்பது நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் முதல் மெயிலில் வேண்டாம், பேட்டியில் கேளுங்கள்.

சேரும் நாளுக்கும் பேசும் நேரத்துக்கும் வித்தியாசம் உண்டு. ரெக்ரூட்டர் “அவைலபிலிட்டி” என்று கேட்டால் இரண்டில் எது என்று தெளிவிருக்காது, ஆகவே இரண்டையும் சொல்லிவிடுங்கள். பேச எந்த நேரமும் சரி என்று எழுதினால், அவர் காலை பதினொன்றுக்குக் கூப்பிடுவார். நீங்கள் இன்வெர்ட்டர் அறைக்குள் நிற்பீர்கள், அல்லது மில்லில் ரிங் பிரேம் ஓடும் சத்தத்துக்கு நடுவே இருப்பீர்கள், போனே உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் உங்கள் பெயருக்கு நேரே பதில் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுவார். ஆகவே இரண்டு நாள், இரண்டு நேரம், தேதியோடு கொடுங்கள். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. சில கிராமங்களில் வீட்டுக்குள் சிக்னல் நிற்காது, வீடியோ பேட்டி என்றால் முகம் அப்படியே உறைந்துவிடும். அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ நண்பர் அறையில் இருக்கக்கூடிய நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

இனி கேள்விகள். கேட்க வேண்டியது நிறைய இருக்கலாம், முதல் பதிலுக்கு மூன்று போதும். பத்து கேள்வி கேட்டால் ஒன்றுக்கும் பதில் வராது. எந்த மூன்று என்றால், பதிலைப் பொறுத்து நீங்கள் மேலே போவதா நிறுத்துவதா என்று முடிவாகிற மூன்று. கேன்டீன் சாப்பாடு எப்படி என்பது அதில் வராது.

முதலாவது, யாருடைய பெயரில் நியமன உத்தரவு வரும் என்பது. சோலார் பிளாண்ட்டுக்கு இது ரொம்ப முக்கியம். பிளாண்ட்டின் உரிமையாளர் ஒரு கம்பெனி. பராமரிப்பை இன்னொரு கம்பெனிக்கு ஒப்பந்தம் விட்டிருக்கலாம். அந்தக் கம்பெனி ஆட்களை இன்னொரு மேன்பவர் கான்ட்ராக்டரிடம் எடுத்திருக்கலாம். மெயிலில் உரிமையாளரின் பெரிய பெயர் இருக்கும், சம்பளச் சீட்டில் கடைசி கான்ட்ராக்டரின் பெயர் இருக்கும். இதைத்தான் தேர்ட் பார்ட்டி பேரோல் என்கிறார்கள். அது மோசம் என்று நான் சொல்லவரவில்லை. பல பேர் அதில் நுழைந்து பின்னால் நேரடி வேலைக்கு மாறியிருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். விடுப்பு, இன்சூரன்ஸ், போனஸ் எல்லாம் கான்ட்ராக்டரின் விதிப்படிதான். ராஜஸ்தானில் போய் நின்ற பிறகு இது தெரிவதைவிட மார்ச் மாதத்திலேயே தெரிவது நல்லது. இதே கேள்வி சென்னையில் சாப்ட்வேர் டெஸ்டிங் வேலைக்குப் போகும் தங்கைக்கும் பொருந்தும். அங்கே கிளையன்ட் பெயர் ஒன்று, பேரோல் பெயர் வேறொன்று.

கம்பெனியின் பெயரைச் சொல்ல ரெக்ரூட்டர் தயங்குவதற்கு நியாயமான காரணமும் உண்டு. பெயர் தெரிந்தால் நீங்கள் நேரே விண்ணப்பித்துவிடுவீர்கள், அவருக்குக் கட்டணம் போய்விடும். அந்தப் பயம் அவருக்கு இருக்கட்டும். ஆனால் உங்கள் ரெஸ்யூமே ஒரு கம்பெனிக்குப் போகும் முன்னாவது பெயர் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். காரணம் இதுதான். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று கன்சல்டன்சிகள் ஆள் தேடுவார்கள். இருவர் உங்கள் ரெஸ்யூமேயை அனுப்பிவிட்டால், யாருடைய ஆள் என்று தகராறு வரும். சில கம்பெனிகள் முதலில் வந்ததை ஏற்கும், சில கம்பெனிகள் வம்பே வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கிவிடும். ஒருமுறை ஒரு கன்சல்டன்சி வழியாகப் போய்விட்டால், சில மாதங்களுக்கு, ஆறு மாதம் வரைகூட, அந்தக் கம்பெனியில் நீங்கள் அவர்கள் ஆள்தான் என்று கணக்கு. அதற்குள் உங்கள் சித்தப்பா பையன் அதே கம்பெனியில் இருந்துகொண்டு உங்களைப் பரிந்துரைத்தாலும் எடுபடாமல் போகலாம். இதனால்தான், என் ஒப்புதல் வாங்கிய பிறகு என் விவரத்தை அனுப்புங்கள் என்ற ஒரு வரியை எழுதச் சொல்கிறேன். அந்த வரி சண்டை போடுவதற்கு இல்லை. பின்னால் பிரச்சினை வந்தால் எடுத்துக்காட்ட உங்கள் கையில் எழுத்து இருக்கும்.

இரண்டாவது சம்பளம். “ஆறு லட்சம் வரை” என்பதில் “வரை” என்ற சொல்லைக் கவனித்தீர்களா? அது மேல் எல்லை. அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஆறு லட்சம் சிடிசி. ஒரு வருஷத்தில் உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. பன்னிரண்டால் வகுத்து, மாதம் ஐம்பதாயிரம் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். ஆறு லட்சத்தில் அடிப்படைச் சம்பளம் மாதம் 25,000, வருஷத்துக்கு மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் பங்கு பிஎஃப் அதில் 12 சதவீதம், வருஷத்துக்கு 36,000. கிராஜுவிட்டிக்கென்று அடிப்படையில் 4.81 சதவீதம், 14,430. மருத்துவ இன்சூரன்ஸ் 8,000 என்று கொள்வோம். செயல்திறனைப் பார்த்துத் தரும் வேரியபிள் பத்து சதவீதம் என்றால் 60,000. இவை எல்லாம் ஆறு லட்சத்துக்குள்ளேயே அடக்கம். கழித்தால் மீதி 4,81,570. மாதத்துக்குச் சுமார் 40,130. அதிலிருந்து உங்கள் பங்கு பிஎஃப் 3,000 பிடித்தால் கையில் வருவது 37,100 ரூபாய் சுமார். பிஎஃப் பணம் உங்களுடையதுதான், போய்விடவில்லை. ஆனால் மாதம் ஊருக்கு அனுப்ப அது கிடைக்காது. வேரியபிள் வருஷக் கடைசியில் முழுதாக வரலாம், பாதி வரலாம், வராமலும் போகலாம். சில கம்பெனிகள் பிஎஃப்பை 15,000 ரூபாய் என்ற உச்சவரம்பில் கணக்கிட்டு மாதம் 1,800 மட்டும் பிடிக்கும். அப்போது கைக்கு வருவது கூடும், சேமிப்பு குறையும்.

ஆகவே கேள்வியைச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காமல், இந்த வேலைக்கு ஒதுக்கிய வரம்பு என்ன, அதில் நிலையான பகுதி எவ்வளவு என்று கேளுங்கள். நீங்கள் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று முதல் மெயிலிலேயே எழுத வேண்டாம். பிளாண்ட் எத்தனை மெகாவாட், எத்தனை பேர் வேலையை நீங்கள் ஒருவராகப் பார்க்க வேண்டும் என்பது தெரியாமல் விலை சொல்ல முடியாது. இப்போதைய சம்பளத்தைக் கேட்டால் அதில் மட்டும் கூட்டிச் சொல்லாதீர்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டும் வங்கிக் கணக்கு விவரமும் கடைசியில் கேட்பார்கள்.

மூன்றாவது, அந்த வேலைக்கே உரிய கேள்வி ஒன்று. இது ஆளுக்கு ஆள் மாறும். நம் தம்பிக்கு அது ஷிப்ட்டும் தங்குமிடமும் ஊருக்கு வர விடுப்பும். மதுரையிலிருந்து பிகானேருக்கு நேர் ரயில் வாரத்துக்கு ஒன்றுதான், பயணத்தில் நாள் கணக்காகப் போய்விடும். ஞாயிறு ஒருநாள் லீவு என்பது அவருக்கு உதவாது. சைட் வேலைகளில் இத்தனை வாரம் தொடர்ந்து வேலை, பிறகு இத்தனை நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு என்று ஒரு சுழற்சி வைத்திருப்பார்கள். அது உண்டா, போக்குவரத்துச் செலவு யார் தருகிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர் முடிவெடுக்க முடியும். மில்லிலிருந்து வேறு மில்லுக்குப் போகும் தங்கைக்கு, இரவு ஷிப்ட் உண்டா, வண்டி வீடு வரைக்கும் வருமா என்பது கேள்வியாக இருக்கும். வீட்டில் தாத்தாவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையனுக்கு, வாரத்தில் எத்தனை நாள் அலுவலகம் போக வேண்டும் என்பது.

இதையெல்லாம் சேர்த்தால் நம் தம்பி அன்று மாலையே அனுப்பும் பதில் இப்படி இருக்கும். எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள், சின்னச் சின்ன வாக்கியமாக. பொருள் தமிழில் இது:

வணக்கம் மேடம்,

பிகானேர் சோலார் ஓ அண்ட் எம் வேலை பற்றி எழுதியதற்கு நன்றி. மேலும் தெரிந்துகொள்ள விருப்பம். கமுதி அருகே ஒரு பிளாண்ட்டில் மூன்று வருஷமாகப் பராமரிப்பு இன்ஜினியராக இருக்கிறேன். இன்வெர்ட்டர், ஸ்ட்ரிங் சோதனை, ஸ்காடா பார்க்கிறேன்.

பேச வசதியான நேரம்: புதன் (மார்ச் 4), வெள்ளி (மார்ச் 6), மாலை 6.30 முதல் 8 வரை. பகலில் சைட்டில் இருப்பதால் போன் எடுக்க முடியாது.

நோட்டீஸ் காலம் 60 நாள், ராஜினாமா கொடுத்த நாளிலிருந்து. எழுத்தில் ஆஃபர் மார்ச் மாதக் கடைசிக்குள் வந்தால் ஜூன் 1-ல் சேரலாம்.

பேசும் முன் மூன்று விவரம் தெரிந்தால் நல்லது. எந்த நிறுவனம், நியமன உத்தரவு யார் பெயரில் வரும்? இந்த வேலைக்கான சம்பள வரம்பு என்ன, அதில் நிலையான பகுதி எவ்வளவு? ஷிப்ட், தங்குமிடம், ஊருக்கு வரும் விடுப்பு எப்படி?

என் ஒப்புதலைப் பெற்ற பிறகு என் விவரத்தை நிறுவனத்துக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

கீழே பெயர், போன் நம்பர். இவ்வளவுதான். ரெஸ்யூமேயை இதோடு இணைக்கலாமா என்று கேட்பீர்கள். அவர் உங்கள் விவரத்தைத் தளத்தில் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். கன்சல்டன்சி நிஜமானது என்று தெரிந்தால் இணைக்கலாம். ஆதார், பான், சான்றிதழ் நகல் எதையும் இந்தக் கட்டத்தில் இணைக்க வேண்டாம். ரெஸ்யூமேயில் வீட்டு முகவரி முழுதாக இருந்தால் ஊர் பெயர் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள். இப்போதைய கம்பெனியின் மெயில் முகவரியிலிருந்து மட்டும் பதில் அனுப்பாதீர்கள்; அது கம்பெனி பார்க்கக்கூடிய பெட்டி.

இதற்கு வரும் பதிலைப் படிக்கவும் தெரிய வேண்டும். மூன்றில் இரண்டுக்காவது நேராகப் பதில் வந்தால் ஆள் வேலை தெரிந்தவர், பேசுங்கள். பெயரை மட்டும் மறைத்து, “போனில் சொல்கிறேன், சொல்லாமல் அனுப்பமாட்டேன்” என்றால் அதுவும் சரி. கேள்வி எதையும் தொடாமல், “ரெஸ்யூமே அனுப்புங்கள், இப்போதைய சம்பளம், எதிர்பார்ப்பு” என்று அதே நான்கு வரி மறுபடி வந்தால், உங்கள் மெயிலை யாரும் படிக்கவில்லை. பதிலே வராவிட்டால் மூன்று நான்கு வேலை நாள் பொறுத்து ஒரு வரி நினைவூட்டுங்கள், அதற்கு மேல் துரத்த வேண்டாம். அந்த இடம் நிரம்பியிருக்கும், அல்லது கம்பெனியே நிறுத்தி வைத்திருக்கும். மேனேஜர் விடுப்பில் போனதால் நின்றுபோன வேலைகளை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் மேல் குறை என்று எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

இன்னொரு வகைப் பதில் உண்டு. பதிவுக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம், கேட் பாஸ், மருத்துவப் பரிசோதனை என்று ஏதோ ஒரு பெயரில் ஐந்நூறோ ஐயாயிரமோ கேட்கும். கட்டணத்தைக் கம்பெனிதான் கொடுக்கிறது என்று மேலே சொன்னேன் அல்லவா, உள்நாட்டு வேலைக்கு உங்களிடம் பணம் கேட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஜிமெயில் முகவரியிலிருந்து ஆஃபர் வந்தாலும், பேட்டியே இல்லாமல் ஆஃபர் வந்தாலும் அப்படியே. பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு.

வெளிநாடு என்றால் கதை வேறு. அங்கே பதிவு பெற்ற ஏஜென்ட் சட்டப்படி கட்டணம் வாங்கலாம், ஆனால் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் உச்சம். அவர் பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். ஆகவே வெளிநாட்டு மெயிலுக்குப் போகும் முதல் கேள்வி, உங்கள் ஆர்ஏ பதிவு எண் என்ன என்பதுதான். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்திப்போய், ஆன்லைன் மோசடி செய்ய வைத்துத் துன்புறுத்தினார்கள். 2022 அக்டோபரில் அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து இறங்கினார்கள். படித்த பிள்ளைகள்தான். யார் சம்பளம் கொடுப்பது, உத்தரவு யார் பெயரில், விசா எந்த வகை என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் கேட்டால் இப்படிப்பட்ட ஏஜென்ட் பெரும்பாலும் அத்தோடு காணாமல் போவார். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

விருப்பம் இல்லாத மெயிலுக்கும் பதில் போடுங்கள், அது இரண்டு வரி. எழுதியதற்கு நன்றி, இப்போது மாறும் எண்ணம் இல்லை. தமிழ்நாட்டுக்குள், இன்ன வேலை, இன்ன மாதத்துக்குப் பிறகு இருந்தால் சொல்லுங்கள். அவர் அதைத் தன் தாளில் குறித்துக்கொள்வார். ரெக்ரூட்டர்கள் கம்பெனி மாறுவார்கள், தாளையும் தொடர்புகளையும் மறக்கமாட்டார்கள். வேலை உங்களுக்குச் சரிவராமல் கூடப் படித்த ஒருவருக்குச் சரிவரும் என்றால், அந்தப் பையனிடம் கேட்டுவிட்டு அவர் நம்பரைக் கொடுங்கள். கேட்காமல் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த மெயில் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது, வந்தால் அன்றே பதில் போக வேண்டும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை நியமன உத்தரவையும் கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளையும் தேடி எடுத்து, நோட்டீஸ் பத்தியைப் படித்து, யுஏஎன் எண்ணோடு ஒரு தாளில் குறித்து வையுங்கள். படித்துப் புரியாத வரி இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் ஊர் அண்ணன் ஒருவன்
அருப்புக்கோட்டை